மேலும் படிக்க

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு அந்த போன் வந்தபோது நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக வேலையில்லாத ஆணுக்கு வீட்டில் கிடைக்கிற பதவி உயர்வுகளில் அது மூன்றாவது. பால் வாங்குவதில் ஆரம்பித்து, காஸ் புக் பண்ணுவதில் தேறி, இங்கே வந்து நின்றிருந்தேன்.

“தௌஃபீக் சாரா? நீர்மகள் பம்ப்ஸ்லேர்ந்து ஷ்ரேயா பேசறேன், எச்.ஆர். நீங்க அப்ளை பண்ணியிருந்தீங்க இல்ல?”

“ஆமாங்க,” என்றேன். அறுபத்து மூன்று இடத்துக்கு விண்ணப்பித்தவன் யார் கேட்டாலும் ஆமாங்க என்றுதான் சொல்ல வேண்டும்.

“பத்தரைக்கு வர வேண்டியவர் வரலைன்னுட்டார் சார். அந்த ஸ்லாட்டுக்கு நீங்க நேர்ல வர முடியுமா? தி. நகர்தான். இன்னிக்கோட முடிக்கறோம். எம்.டி.யே பார்க்கறார். வேலை விவரம் மெயில்ல அனுப்பியிருக்கேன்.”

“கண்டிப்பா வர்றேன்” என்றபோது கையிலிருந்த தலையணை உறை பக்கத்து வீட்டு மாடியில் போய் விழுந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே ஓடினேன்.

கீழே என் மகள் தூபா சாப்பாட்டு மேஜையில் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றைப் பரப்பி வைத்திருந்தாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது. பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் நீல மையில் இருந்தன. ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் ‘தனியார்’ என்று எழுதி, அதையும் பாதி அழித்திருந்தாள். பதினொன்றாம் வகுப்புப் பெண். எதையும் கேட்கவில்லை, பென்சிலை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்ததிலிருந்து மூன்று நாளாக எனக்கு அந்த மேஜையில் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் இரண்டு வேளை சாப்பிட்டேன்.

“இன்டர்வியூ” என்றேன்.

என் மனைவி ரூபீனா கணக்கு டீச்சர். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேசினாள். “எத்தனை மணிக்கு?”

“பத்தரை.”

“அப்ப படிக்க ஒரு மணி நேரம்தான் இருக்கு. எல்லாத்தையும் படிக்கப் பார்க்காதீங்க. போன தடவையும் அதான் பண்ணீங்க. ஏன் எங்க கம்பெனின்னு கேப்பாங்க, ஏன் இந்த வேலைன்னு கேப்பாங்க. முதல்ல அந்த மெயிலைப் படிங்க. அவங்களுக்கு என்ன ஆள் வேணும்னு அதுல இருக்கும். அதுல ஒண்ணை எடுத்து, நீங்க செஞ்ச ஒண்ணைச் சொல்லுங்க. கம்பெனியப் பத்தி ஒரே ஒரு விஷயம் போதும். ஆனா அது முழுசாத் தெரிஞ்சிருக்கணும்.”

“சரி டீச்சர்.”

“கிண்டல் பண்ணாம சட்டையை மாத்துங்க. அது தூபாவோட டீ-ஷர்ட்.”

ஒன்பது நாற்பதுக்குக் கச்சேரி ரோட்டில் ஆட்டோ ஏறினேன். சட்டை தேய்க்க இருபது நிமிடம், சான்றிதழ் ஃபைல் தேட இருபது நிமிடம். படிப்பதற்கு மிச்சம் ஆட்டோதான். டிரைவர் பெயர் லாரன்ஸ் என்று சீட்டுக்குப் பின்னால் எழுதியிருந்தது. லஸ் சந்திப்பில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். ஆட்டோ நின்றது. நான் போனை எடுத்தேன்.

மெயிலில் வேலை விவரம் ஒரு இணைப்பாக வந்திருந்தது. திறக்கச் சொன்னால் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சரி, அது சுற்றட்டும் என்று கம்பெனியின் இணையதளத்துக்குப் போனேன். ரூபீனா சொன்ன வரிசையைத் தலைகீழாக்கினேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

‘எங்களைப் பற்றி’ என்ற பக்கம் தமிழிலேயே இருந்தது. முதல் பத்தி மட்டும் வந்தது:

‘1984-ஆம் ஆண்டு. சைதாப்பேட்டையின் குறுகலான தெருக்களில், ஒரு சைக்கிளும் ஒரு கருவிப்பெட்டியும் மட்டுமே துணையாக, வீடு வீடாகச் சென்று மோட்டார் பழுது பார்த்த ஓர் இளைஞரின் வியர்வையில் பிறந்ததே நீர்மகள்…’

அதற்குக் கீழே ‘மேலும் படிக்க’ என்று ஒரு நீலப் பொத்தான். அழுத்தினேன். இன்னொரு வட்டம் சுற்றியது.

இந்த மாதிரிப் பத்தியை எனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருடம் நான் பார்த்த தொழிலே அதுதான். கோடம்பாக்கத்தில் ஒரு ஏஜென்சி. கம்பெனிகளின் இணையதளத்துக்குத் தமிழில் எழுதிக் கொடுப்போம். கம்பெனியின் பெயர்கூட எங்களுக்கு வராது. ‘தொழில்: பாத்திரக்கடை, ஊர்: சென்னை, தொடங்கிய ஆண்டு: 1991’ என்று ஒரு துண்டுக் குறிப்பு வரும். பெயர் வர வேண்டிய இடத்தில் கோடு போட்டு அனுப்பிவிட வேண்டும். மேலே யாரோ நிரப்பிக்கொள்வார்கள். நான் எழுதிய நிறுவனர்கள் எல்லோரும் சைக்கிளில்தான் கிளம்புவார்கள். பேக்கரிக்காரர், பாத்திரக்கடைக்காரர், ஒரு கண் ஆஸ்பத்திரி டாக்டர்கூட. போன வருடம் அந்த வேலையை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எடுத்துக்கொண்டது. அதுவும் எல்லோரையும் சைக்கிளில்தான் ஏற்றுகிறது என்று கேள்வி. என்னிடம் படித்திருக்கும்.

ஆகவே அந்தப் பத்தியை யாரோ நம்ம தொழில்காரன் எழுதியது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அதை இன்னொரு முறை படித்தேன். காரணம், என்னைப் பெற்ற அத்தா நிஜமாகவே சைதாப்பேட்டையில் சைக்கிளில் மோட்டார் தூக்கியவர். ரிப்பேர் கடையில் வேலை. வீடுகளிலிருந்து பழுதான மோட்டாரைக் கொண்டுவந்து, சரிபண்ணித் திரும்பக் கொண்டுபோய் மாட்டுவார்.

“இன்னா சார், போனைப் பாத்துப் பாத்து மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்றார் லாரன்ஸ் கண்ணாடியில்.

“இன்டர்வியூ. வர வேண்டியவர் வரலைன்னு திடீர்னு கூப்பிட்டாங்க. ஏன் இந்தக் கம்பெனின்னு கேப்பாங்க. படிக்கலாம்னா நெட் வரல.”

“வேலை வேணும், அத்தான வந்துகிறேன்னு சொல்லு.”

“அப்படிச் சொல்லக் கூடாதுங்க.”

“ஏன், பொய்யா?”

“உண்மை. அதான் சொல்லக் கூடாது.”

லாரன்ஸ் திரும்பி உட்கார்ந்தார். ஆட்டோ எப்படியும் நகரவில்லை. “இப்ப நீ ஏன் என் ஆட்டோல ஏறுன? நான் நல்லா ஓட்றேன்னா? எதுத்தாப்புல நின்னுகினு இருந்தேன், ஏறிட்ட. அவனும் அப்டித்தான நைனா கூப்டுகிறான்? வர வேண்டியவன் வர்ல, நீ இருந்த, கூப்ட்டான். அவன்கிட்ட நீ கேளு, ஏன் சார் நானுன்னு.”

அறுபத்து மூன்று விண்ணப்பத்தில் நான் கேட்ட ஆலோசனைகளில் தர்க்கம் இருந்தது இதில் மட்டும்தான். எல்டாம்ஸ் ரோடு வரை அதை யோசித்துக்கொண்டே வந்ததில், வேலை விவரம் திறந்ததா என்று பார்க்க மறந்துவிட்டேன்.

தணிகாசலம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், முதல் மாடியில் அலுவலகம். பத்து இருபத்தைந்துக்குப் படி ஏறினேன். வரவேற்பறையில் காலெடுத்து வைத்ததும் ஒரு சைக்கிள். பழைய கறுப்பு சைக்கிள். வார்னிஷ் அடித்து, சின்ன மேடை போட்டு, மேலே விளக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் சிவப்புக் கயிறு. கோயில் உற்சவர் மாதிரி இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு எனக்கு முந்தைய ஆள் வெளியே வந்தார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் டை.

“எப்படி கேட்டாங்க?” என்றேன் மெதுவாக.

“ஈஸிதான் பிரதர். ஏன் இங்கேன்னு கேட்டாங்க. நான் சைக்கிளை எடுத்து விட்டேன். ஃபவுண்டர்ஸ் ஸ்டோரி, இன்ஸ்பிரேஷன், அப்படியே. உள்ள கொஞ்சம் கம்முனு ஆயிட்டாங்க. டச்சாயிட்டாங்கன்னு நினைக்கறேன்.”

அவர் படியிறங்கிப் போனார். என்னிடமிருந்த ஒரே விஷயத்தையும் எடுத்துக்கொண்டு போனார். போனைப் பார்த்தேன். வேலை விவரத்தின் வட்டம் நின்று, ‘திறக்க இயலவில்லை’ என்று வந்திருந்தது. ‘மேலும் படிக்க’ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“மிஸ்டர் தௌஃபீக்?”

உள்ளே இரண்டு பேர். ஷ்ரேயாவுக்கு முப்பதுக்குள் இருக்கும். முன்னால் லேப்டாப், பக்கத்தில் என் பயோடேட்டா. நடுவில் எம்.டி. ராஜரத்தினம். எழுபதைத் தாண்டியவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று பேனா மாதிரிச் சொருகியிருந்தது. அவர்களுக்கு எதிரே என் நாற்காலி. எனக்குப் பின்னால் சுவர்.

பெயர், ஊர், இதுவரை பார்த்த வேலை என்று ஐந்து நிமிடம் போனது. பிறகு ஷ்ரேயா நிமிர்ந்தாள்.

“சொல்லுங்க சார். நீர்மகள்ல சேரணும்னு ஏன் நினைச்சீங்க?”

ராஜரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தவர்கள் அப்படித்தான் எங்கேயாவது பார்ப்பார்கள்.

சைக்கிளைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். வேறு ஏதாவது, வேறு ஏதாவது என்று மனசுக்குள் துழாவினேன். உள்ளே ஒரு வட்டம்தான் சுற்றியது. வாய் தன் போக்கில் கிளம்பிவிட்டது.

“உங்க கம்பெனி ஆரம்பிச்ச கதையைப் படிச்சேன் மேடம். அந்த சைக்கிள்…”

ராஜரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார்.

“இல்ல சார், எல்லாரும் சொல்ற மாதிரி இல்ல,” என்று அவசரமாகச் சொன்னேன். “எங்க அத்தா நிஜமாவே அப்படித்தான் இருந்தார். சைதாப்பேட்டையில மோட்டார் மெக்கானிக். கேரியர்ல கோணிச் சாக்கைப் போட்டு ரெண்டு மோட்டாரை வச்சுக் கட்டிக்கிட்டுப் போவார். பின்னால அவ்வளவு பாரம் இருந்தா முன்சக்கரம் லேசாயிடும், ஹேண்டில் நிக்காம ஆடும். அதுக்காக ஹேண்டில்பார்ல ஒரு எடைக்கல்லைத் தொங்கவிட்டிருப்பார். மளிகைக் கடைக் கல்லு. அது மணி மாதிரி டங்கு டங்குனு ஆடிக்கிட்டே வரும். அந்தச் சத்தத்தை வச்சே அத்தா தெருமுனைக்கு வந்தாச்சுன்னு எங்களுக்குத் தெரியும்.”

இதுவரை நான் எந்த இன்டர்வியூவிலும் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது. எதிரே இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார்,” என்றாள் ஷ்ரேயா, ரொம்ப மென்மையாக. ஒருத்தர் பேன்ட் ஜிப் திறந்திருப்பதைச் சொல்லும் குரல். “திரும்பிப் பாருங்க.”

திரும்பினேன். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பெரிய எழுத்தில் ‘எங்களைப் பற்றி’. ஆட்டோவில் படித்த முதல் பத்தி. அதற்குக் கீழே என் போனில் வராமல் போன மீதி.

‘…பின்னால் இரு மோட்டார்களின் பாரம். முன்சக்கரம் நிலைகொள்ளாமல் ஆடும். அதைச் சமன்செய்ய ஹேண்டில்பாரில் ஓர் இரண்டு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டார். அந்தக் கல்லின் மணியோசை கேட்டாலே தெருவில் சொல்வார்கள்: நம்பிக்கை வந்துவிட்டது என்று…’

‘நம்பிக்கை வந்துவிட்டது’ என்று எழுதுகிற மடையன் இந்தச் சென்னையில் ஒருத்தன்தான் இருக்கிறான்.

ஏழு வருடம் முன்னால், ‘தொழில்: பம்ப், ஊர்: சென்னை, ஆண்டு: 1984’ என்று ஒரு துண்டுக் குறிப்பு வந்த நாள் இப்போது ஞாபகம் வந்தது. அத்தா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அன்றைக்கு என்னால் கற்பனை பண்ண முடியவில்லை. அவரையே எழுதிக் கோடு போட்ட இடத்தில் உட்கார வைத்து அனுப்பிவிட்டேன்.

“வெப்சைட்டைப் படிச்சிட்டு வர்றது தப்பில்ல சார்,” என்றாள் ஷ்ரேயா. “ஆனா அதை உங்க ஃபாதருக்கு நடந்ததா…” முடிக்கவில்லை. பயோடேட்டாவின் ஓரத்தில் ஏதோ சின்னதாக எழுதினாள்.

“மேடம், அது அவர்தான். அதை எழுதினது நான்.”

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. திருடிப் பிடிபட்டவன், இந்தக் கடையே என்னுடையது என்கிறான்.

“ஏஜென்சிதான் சார் எழுதிக் கொடுத்தாங்க,” என்றாள்.

“அந்த ஏஜென்சியில நான்தான் எழுதினேன். கோடம்பாக்கத்துல. கம்பெனி பேர் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க.”

“ஏதாவது மெயில், ஃபைல்…”

“ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்தது. அதையும் வாங்கிக்கிட்டாங்க.”

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் அந்த சைக்கிளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“கல்லு எத்தனை கிலோ?” என்றார் ராஜரத்தினம். உள்ளே வந்ததிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி.

“அஞ்சு சார்.”

“அங்க ரெண்டுன்னு போட்டிருக்கே.”

“நான் அஞ்சுன்னுதான் எழுதினேன். எடிட்டர், அஞ்சு கிலோ நம்பற மாதிரி இல்லைன்னு ரெண்டாக்கிட்டார்.”

அவர் மேஜையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். “ஏழு வருஷமா சொல்லிட்டிருக்கேன் ஷ்ரேயா! ரெண்டு மோட்டாருக்கு ரெண்டு கிலோ கல்லு எந்த மூலைக்குப் பத்தும்? யாராவது கேட்டாங்களா? எந்தப் பக்கம் கட்டுவார்ப்பா?”

“இடது பக்கம் சார். வலது பக்கம் பிரேக் பிடிக்கத் தடுக்கும்.”

“ஆங்.” நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு பம்ப் சரியாக ஓட ஆரம்பித்த மாதிரி ஒரு அமைதி. பிறகு அது போய்விட்டது. “ஒண்ணு சொல்றேன் தம்பி. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.”

ஷ்ரேயா லேப்டாப்பைப் பார்த்தாள்.

“சின்ன வயசுல கத்துக்கல. அப்புறம் கூச்சம். எங்க மாமனாருக்குப் பாரிமுனையில பம்ப் ஏஜென்சி இருந்தது. எண்பத்து நாலுல எனக்குத் தனியா ஒண்ணு வச்சுக் கொடுத்தார். முதல் நாளே கார்ல போய்த்தான் கடை திறந்தேன். இதை வெப்சைட்ல போடுன்னேன். சுவாரசியமா இல்லைன்னு ஆபீஸ் பசங்க சொல்லிட்டாங்க. அப்புறம் இது வந்தது. படிச்சுட்டு என் பேரனே அழுதான். நான் என்ன சொல்ல? பம்ப் வியாபாரிங்க சங்கத்து விழாவுல இந்த சைக்கிளைக் கொடுத்து, ஒரு ரவுண்டு ஓட்டுங்க சார், போட்டோ எடுக்கணும்னாங்க. முழங்கால் வலின்னுட்டேன். அன்னிலேர்ந்து யாரைப் பார்த்தாலும் முழங்காலை விசாரிக்கறாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டார். “காலையிலேர்ந்து உங்களோட சேர்த்து ஆறு பேர். ஆறு பேரும் அந்த சைக்கிள்ல ஏறித்தான் வந்தீங்க.”

“சாரி சார்” என்றேன். ஒருவருக்கு இல்லாத இளமையைக் கொடுத்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எந்த இன்டர்வியூ புத்தகத்திலும் இல்லை.

“சரி, கம்பெனியை விடுங்க,” என்றார். “அது ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பொய். இந்த வேலை ஏன்? அதைச் சொல்லுங்க.”

இன்னும் ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“சார், காலையில ஒன்பது மணிக்குத்தான் போன் வந்தது. வேலை விவரம் என் போன்ல திறக்கல. நான் இன்னும் படிக்கல. ஒரு பேப்பர் இருந்தா கொடுங்க, ரெண்டு நிமிஷத்துல படிச்சிட்டுச் சொல்றேன். இல்ல, போகலாம்னா போயிடறேன்.”

ஷ்ரேயா எம்.டி.யைப் பார்த்தாள். அவர் கையை ஆட்டினார். அவள் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

ஐந்து வரிதான். ஒன்று, சர்வீஸ் புகார்களைப் படித்து மெக்கானிக்குக்குப் புரிகிற மாதிரிச் சுருக்கி அனுப்ப வேண்டும். இரண்டு, வாடிக்கையாளருக்கு அன்றைக்கே பதில் எழுத வேண்டும். மூன்று, டெண்டர் ஆவணங்கள் தயாரிக்க வேண்டும். நான்கும் ஐந்தும் எல்லா வேலையிலும் இருக்கிற ‘குழு மனப்பான்மை’யும் ‘அழுத்தத்தில் பணிபுரிதலு’ம். முதல் இரண்டு வரியையும் இரண்டு தடவை படித்தேன். ரூபீனா காலையில் சொன்னது இதுதான். ஒன்றை எடு. நீ செய்த ஒன்றைச் சொல்.

“முதல் வரி எனக்கு வரும் சார்,” என்றேன். “நாங்க இருக்கற ஃபிளாட்ல முப்பத்தாறு வீடு. அசோசியேஷன் வாட்ஸ்அப்புல தண்ணி வரலைன்னா நாப்பது மெசேஜ் வரும். மோட்டார் ஓடுது தண்ணி வரல, மோட்டாரே ஓடல, பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருதுன்னு. வேலையில்லாததால அந்தப் பொறுப்பு எங்கிட்ட வந்தது. நான் மெக்கானிக்குக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்புவேன். சத்தம் வருதா, எப்பலேர்ந்து, எந்த டேங்க், கடைசியா யார் கை வச்சது. முன்னாடி ரெண்டு மூணு தடவை வந்து பார்ப்பார். இப்ப தேவையான சாமானோட ஒரே தடவைல வர்றார். ஏன் இந்த வேலைன்னு கேட்டா, அதான் சார். ஒன்பது வருஷம் பார்க்காததைப் பத்தி எழுதினேன். இதுல பார்த்ததை எழுதலாம். எழுதினது சரியா தப்பான்னு அன்னிக்கே தண்ணி சொல்லிடும்.”

ஷ்ரேயா எழுதினாள், இந்தத் தடவை நிறைய. ஓரத்தில் இல்லை, நடுவில்.

“கடைசியா யார் கை வச்சது,” என்று ராஜரத்தினம் திருப்பிச் சொன்னார். “அதை எவனும் கேக்கறதில்ல.” பிறகு மூன்றாவது வரியில் விரல் வைத்தார். “அரசாங்க டெண்டர் ஆன்லைன்ல போட்டிருக்கீங்களா? போர்ட்டல்ல ஏத்தறது, டிஜிட்டல் கையெழுத்து, அதெல்லாம்?”

“இல்ல சார்.”

“ஒண்ணுகூட?”

“இல்ல சார். கத்துக்குவேன்.”

“பத்தொன்பதாம் தேதி ஒண்ணு கடைசி நாள்,” என்றாள் ஷ்ரேயா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. இன்றைக்குத் தேதி பதினாறு.

“எங்களைக் கேக்கணும்னு ஏதாவது இருக்கா?” என்று எம்.டி. கேட்டார்.

லாரன்ஸ் சொன்ன கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினேன். “அந்தக் கதையை எடுத்துடுவீங்களா சார்?” என்று கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்தார். “எப்படிப்பா எடுக்கறது? கம்பெனி விவரம்னு எல்லா டெண்டர்லயும் போட்டிருக்கு. பேரன் அதைப் பள்ளிக்கூடத்துல பேசிப் பரிசு வாங்கியிருக்கான்.” எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். “உங்க அப்பா பேரு என்ன?”

“ஹபீபுர் ரஹ்மான்.”

“சாயங்காலம் ஷ்ரேயா போன் பண்ணும்” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆழ்வார்பேட்டை தாண்டும்போது என் போன் ஒருமுறை அதிர்ந்தது. ‘மேலும் படிக்க’ முழுசாகத் திறந்துவிட்டது. வேலை விவரமும் திறந்தது. இரண்டையும் நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தேன். நேரம் நிறைய இருந்தது.

ஐந்தே காலுக்கு போன் வந்தது. தூபா மேஜையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். படிவம் பக்கத்திலேயே இருந்தது. அதன் மேல் நீல மைப் பேனா, மூடி கழற்றி. ரூபீனா என்னைப் பார்க்காமல் பட்டாணி உரித்தாள்.

“சார், உங்க ரெண்டாவது பதில் இன்னிக்கு வந்ததுலயே நல்ல பதில்,” என்றாள் ஷ்ரேயா. நல்ல விஷயத்தை முதலில் சொன்னால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அறுபத்து மூன்று பாடம். “எம்.டி. சாருக்கு உங்களை எடுக்கணும்னுதான் சார். ஆனா பத்தொன்பதாம் தேதி டெண்டர் இருக்கு. டெண்டர் தெரிஞ்ச ஒருத்தர் கிடைச்சுட்டார். காலையில டை கட்டிட்டு வந்தாரே, அவர்.”

“பரவாயில்லங்க.”

“சாரி சார். ஒரு மணி நேரத்துல வரச் சொன்னது எங்க தப்புதான்.”

“இல்லங்க. நேரம் இருந்திருந்தா முழுசாப் படிச்சிருப்பேன். படிச்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்.”

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. ஆனால் போனை வைக்கவில்லை. “சார், இன்னொண்ணு. எம்.டி. சார் கேக்கச் சொன்னார். உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா, வெப்சைட்லயும் சுவர்லயும் அந்தக் கல்லை அஞ்சு கிலோன்னு மாத்திடலாமான்னு.”

வேலை கிடைக்காது. கதை போகாது. அந்த மனிதர் ஓட்டத் தெரியாத சைக்கிளில் இன்னும் எத்தனையோ வருடம் போய்க்கொண்டிருப்பார். கோபப்படலாம் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை. எட்டு மாதத்தில் ஒரு ஆபீஸ் என்னிடம் அனுமதி கேட்பது இதுதான் முதல் தடவை.

“மாத்திடுங்க,” என்றேன். “இடது பக்கம்னும் சேர்த்துக்கச் சொல்லுங்க.”

“இடது பக்கம்,” என்று அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

போனை வைத்தேன். ரூபீனா கையைத் துடைத்துக்கொண்டாள். உரித்த பட்டாணியில் நாலைந்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பச்சைப் பட்டாணி எனக்குப் பிடிக்கும் என்று இருபது வருடமாக அவளுக்கு ஒரு எண்ணம். பிடிக்காது. தின்றேன்.

தூபா பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மாட்டினாள். படிவத்தை மடிக்காமல் ஃபைலுக்குள் வைத்தாள்.

“பென்சில்லயே இருக்கட்டும் அத்தா,” என்றாள். “மிஸ்ஸுக்குக் கண்ணு சரியாத் தெரியாது.”

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து என் தலையணை உறையை வாங்கிவர வேண்டியிருந்தது. எழுந்து போனேன்.